அறுபது சதவீதமும் ஒரு கல்லாப்பெட்டியும்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கை மூன்று ஆண்டுகளாக நான் பார்த்துக்கொள்கிறேன். மாதக் கடைசியில் ஓர் அறிக்கை கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கடையை நடத்தும் அக்காவுக்கு அந்த அறிக்கையில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. படித்துவிட்டு மடித்து, பில் புத்தகத்துக்கு அடியில் செருகிவிடுவார். போன வருடம் ஒரு மாதம் மட்டும் அதை மடிக்கவில்லை.

அந்த மாதம் எங்கள் ரீல் ஒன்று எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தது. சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்த துணியின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து இழுக்கிறார்கள். நூல் முடிச்சுகள் படபடவென்று அவிழ்கின்றன. அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். சுங்குடிக்காரர்கள் தினமும் பார்க்கும் காட்சிதான், பார்க்காதவர்களுக்கு அது மாயாஜாலம். 1,86,000 கணக்குகளுக்கு அது சென்றிருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான் போட்டிருந்தேன்: ஈடுபாட்டு விகிதம் 59.7 சதவீதம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள் என்கிறாய். நூறில் அறுபது பேருக்குப் பிடித்திருக்கிறது என்கிறாய். என் கல்லாப்பெட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லையே, தம்பி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைவிட மோசம், அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் தவறு என்பதும், அப்படி அவர் புரிந்துகொள்ளும்படி எழுதியது நான்தான் என்பதும் அந்த நொடியில்தான் உறைத்தது. நூறில் அறுபது பேருக்குப் பிடிக்கவில்லை. நூறில் நான்கு பேர்தான் எதையாவது தொட்டிருந்தார்கள்.

கணக்கைப் பிரித்துச் சொல்கிறேன். அந்த ரீலுக்கு வந்த லைக், கமென்ட், சேவ், ஷேர் எல்லாம் சேர்த்து 7,400. அதைப் பின்தொடர்வோர் எண்ணிக்கையான 12,400-ஆல் வகுத்தால் 59.7 சதவீதம். ரீல் உண்மையில் சென்றடைந்த 1,86,000-ஆல் வகுத்தால் 4 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. கோட்டுக்கு மேலே இருப்பது அதே 7,400. கோட்டுக்குக் கீழே யாரை நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயம். முதல் கணக்கில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். லைக் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்களைப் பின்தொடராதவர்கள். அவர்களை எங்களைப் பின்தொடர்கிறவர்களால் வகுத்து ஒரு சதவீதம் சொல்வது, தெருவில் போகிறவர்களெல்லாம் பந்தியில் சாப்பிட்டதை வீட்டாரின் தலையால் வகுத்து, "எங்கள் வீட்டில் தலைக்கு இருபது இலை போட்டோம்" என்று சொல்வதைப் போன்றது.

பின்தொடர்வோர் கணக்கில் வகுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஒரு காலத்தில் உங்கள் பதிவைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் உங்களைப் பின்தொடர்ந்தவர்களே. அப்போது அந்த வகுத்தலில் அர்த்தம் இருந்தது. 2020 ஜூன் கடைசியில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்ததும், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். பின்தொடராதவர்களுக்குக் காட்டுவதுதான் ரீல்ஸின் வேலையே. அன்று முதல் அந்த வகுத்தலின் இரு பாதிகளும் வேறு வேறு கூட்டங்களாகிவிட்டன. நாங்கள் மட்டும் பழைய சூத்திரத்தையே எக்செல் தாளில் வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் ரீச்சால், அதாவது பதிவு சென்றடைந்தவர்களின் எண்ணிக்கையால், வகுப்பதுதான் சரியா? அன்று இரவு நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதத்தின் பத்துப் பதிவுகளையும் ரீச் கணக்கில் மறுபடி போட்டுப் பார்த்தேன். ரீலுக்குப் பத்து நாள் கழித்துப் புதுச் சரக்கின் எட்டுப் படங்களை விலையோடு ஒரே பதிவாகப் போட்டிருந்தோம். அது 3,100 பேரைத்தான் சென்றடைந்தது. ஈடுபாடு 372. பின்தொடர்வோர் கணக்கில் வெறும் 3 சதவீதம். ரீச் கணக்கில் 12 சதவீதம். ஒரு கணக்கில் ரீல் இருபது மடங்கு உயரத்தில் நிற்கிறது. இன்னொன்றில் விலைப் பட்டியல் பதிவு ரீலைப்போல் மூன்று மடங்கு.

அடுத்து மாதத்துக்கு ஒரே எண் எடுக்க உட்கார்ந்தேன். அங்குதான் வேடிக்கை. மீதி எட்டுப் பதிவுகளும் சராசரியாக 2,500 பேரைச் சென்றடைந்து, பதிவுக்கு 200 ஈடுபாடு வாங்கியிருந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் பின்தொடர்வோர் விகிதத்தைக் கண்டு பத்தையும் சராசரி எடுத்தால் 7.6 சதவீதம். ஒவ்வொரு பதிவுக்கும் ரீச் விகிதத்தைக் கண்டு சராசரி எடுத்தால் 8 சதவீதம். மொத்த ஈடுபாடான 9,372-ஐ, பத்துப் பதிவுகளின் ரீச்சையும் கூட்டி வந்த 2,09,100-ஆல் வகுத்தால் 4.5 சதவீதம். மூன்றும் பிழையில்லாத கணக்கு. முந்தைய மாதம் இதே மூன்று வழியில் எனக்குக் கிடைத்தவை 1.8, 8.2, 8.1. ஆக ஒரே மாதத்தை நான் நான்கு மடங்கு வளர்ச்சி என்றும் சொல்லலாம், மாற்றமே இல்லை என்றும் சொல்லலாம், பாதியாக விழுந்துவிட்டது என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் கூடவே ஆதாரம் காட்ட முடியும்.

கணக்கு நடத்துபவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நானே அதைத்தான் செய்திருந்தேன். தெரிந்து செய்யவில்லை என்பது உண்மை, ஆனால் 59.7 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாதியாக விழுந்தது என்ற மூன்றாவது எண் என்னை அதிகம் படுத்தியது. எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மேல் ஆர்வம் குறைந்துவிட்டதா? இன்ஸ்டாகிராம் பதிவுகளின் புள்ளிவிவரத்தைக் காட்டும் இன்சைட்ஸ் பக்கத்தில் பின்தொடர்வோர், பின்தொடராதோர் என்ற பிரிப்பு இருக்கிறது. ரீலை அப்படிப் பிரித்தேன். சென்றடைந்த பின்தொடர்வோர் 4,200 பேர், அவர்களிடமிருந்து வந்த ஈடுபாடு ஏறக்குறைய 460. அதாவது 11 சதவீதம். பின்தொடராதவர்கள் 1,81,800 பேர், அவர்களிடமிருந்து ஏறக்குறைய 6,940. அது 3.8 சதவீதம். நம் ஆட்கள் வழக்கத்தைவிட அதிகமாகத்தான் தொட்டிருக்கிறார்கள். முன்பின் அறியாதவர்கள், அறியாதவர்களுக்கு உரிய அளவில் தொட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத கூட்டம் பெரியதாக இருந்ததால் மொத்த விகிதம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. யாருக்கும் ஆர்வம் குறையவில்லை, கூட்டத்தின் கலவை மாறியிருக்கிறது. அன்றிலிருந்து இந்த இரண்டையும் சேர்த்து ஒரே விகிதமாக நான் எழுதுவதில்லை.

ரீச் கணக்குக்கு இன்னொரு பொல்லாத குணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. யாருக்குக் காட்டுவது என்பதைத் தேர்ந்தெடுப்பது நாமல்ல, அந்தச் செயலி. தொடக்கூடியவர்கள் என்று அது நினைக்கும் ஆட்களுக்கே முதலில் காட்டுகிறது. பதிவு எடுபடவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறது. அப்போது கோட்டுக்குக் கீழே மிஞ்சுவது மிக நெருங்கிய விசிறிகள் மட்டுமே. 2,500 பேருக்குப் போய் 200 வாங்கிய பதிவு 8 சதவீதம். 900 பேருக்கு மட்டும் போய் 126 வாங்கிய பதிவு 14 சதவீதம். இரண்டாவது பதிவுதான் சிறந்தது என்று ரீச் விகிதம் சொல்கிறது. உண்மையில் கடை சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கணக்கு மெல்லச் செத்துக்கொண்டிருக்கும்போது அதன் ரீச் விகிதம் ஏறிக்கொண்டே போகலாம். அதனால் அந்த விகிதத்தை ரீச் எண் பக்கத்தில் இல்லாமல் தனியாக யாராவது காட்டினால், அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

பின்தொடர்வோர் கணக்கையும் நான் முழுக்கத் தூக்கிப் போடவில்லை. எதிர்க்கடையின் ரீச் உங்களுக்குத் தெரியாது, அதன் பின்தொடர்வோர் எண்ணிக்கை தெரியும். வெளியிலிருந்து ஒப்பிட அது ஒன்றுதான் வழி, ரீல்களை ஒதுக்கிவிட்டுப் படப் பதிவுகளை மட்டும் எடுத்தால் ஓரளவு நம்பலாம். இன்னொன்று, நம் பின்தொடர்வோரில் எத்தனை பேர் உயிரோட்டமாக இருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கும். எங்கள் கடை முன்பு ஒரு பரிசுப் போட்டி வைத்தது. மூன்று நண்பர்களை டேக் செய்தால் குலுக்கலில் ஒரு சேலை. அப்போது வந்து சேர்ந்த கூட்டம் பரிசு வேறு யாருக்கோ போனதும் பேச்சை நிறுத்திக்கொண்டது, ஆனால் வெளியேறவில்லை. இன்றும் கோட்டுக்குக் கீழே சாவகாசமாக உட்கார்ந்து எங்கள் விகிதத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது.

கோட்டுக்குக் கீழே தவறான ஆளை நிறுத்துவது சின்னக் கடைக்காரர்களின் பிழை மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக்கே இதில் மாட்டிக்கொண்டது. ஒரு வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற எண்ணை விளம்பரதாரர்களுக்கு அது காட்டி வந்தது. மொத்தப் பார்வை நேரத்தை, வீடியோவைத் தொடங்கிய எல்லாராலும் வகுக்காமல், 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களால் மட்டும் வகுத்திருந்தது. உடனே தள்ளிவிட்டுப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு, இந்த எண் 60 முதல் 80 சதவீதம் வரை ஊதிப் போயிருக்கலாம் என்று தெரிவிக்கப்பட்டது. விளம்பரதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2019-இல் நான்கு கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எல்லாம் ஒரு வகுக்கும் எண்ணால்.

கோட்டுக்கு மேலே உள்ள எண்ணும் பத்தரை மாற்றுத் தங்கமல்ல. சேலைக் கடைகளுக்கே உரிய ஒரு விஷயம் சொல்கிறேன். விலையைப் போடாமல் "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று எழுதும் வழக்கம் உண்டு. அப்படி ஒரு பதிவுக்கு 46 கமென்ட் வந்தது. திறந்து எண்ணினேன். 21 பேர் "விலை?" என்று கேட்டிருந்தார்கள். 21 இடத்தில் நாங்களே "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று பதில் போட்டிருந்தோம். நம் பதிலும் கமென்ட் எண்ணிக்கையில் சேரும். மிச்சம் நான்கு. அந்த நான்கில் ஒன்று யாரோ கடன் தருவதாகச் சொன்னது. விலையை மறைத்ததால் வாங்க வந்தவர் எரிச்சலடைகிறார், எங்கள் ஈடுபாடு உயர்கிறது.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். எந்த விகிதத்தைப் போட்டாலும் அக்காவின் கேள்வி அப்படியே நின்றது. கல்லாப்பெட்டி ஏன் கண்டுகொள்ளவில்லை?

இந்தக் கடைக்கு இணையதளம் கிடையாது. ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்பில். இணையதளம் இருந்திருந்தால் இணைப்பின் வாலில் `utm_source` போன்ற அடையாளங்களை ஒட்டி, யார் எங்கிருந்து வந்து வாங்கினார்கள் என்று பார்த்திருக்கலாம். எங்களிடம் இருந்தது ஒரு கடை போன், பார்சல் கட்டும் பெண்ணின் நோட்டு, அவ்வளவுதான். இரண்டு மாலை நேரங்கள் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, அந்த ரீல் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்கு வந்த ஒவ்வொரு உரையாடலையும் முதல் செய்தியிலிருந்து படித்தோம். நான் படிக்க, பார்சல் கட்டும் பெண் நோட்டில் கோடு போட்டார்.

நல்லவேளையாகச் சேலை வாங்குகிறவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வாயால் விவரிக்க மாட்டார்கள். பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இது இருக்கிறதா?" என்பார்கள். எந்தப் பதிவிலிருந்து வந்தார் என்பது படத்திலேயே இருக்கும். படம் அனுப்பாத சிலர் "அந்த முடிச்சு அவிழ்க்கிற வீடியோ" என்று எழுதியிருந்தார்கள். அந்த 21 நாளில் 71 ஆர்டர். அவற்றில் 19 ரீலால் வந்தவை, 24 அந்த விலைப் பட்டியல் பதிவால் வந்தவை, 17 மற்ற பதிவுகளால். 11 ஆர்டருக்கு எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "தெரியாது" என்று தனிக் கட்டம் போட்டு அவற்றை அப்படியே வைத்தோம். தெரியாததை இருக்கும் கட்டங்களில் பங்கு போட்டுத் தள்ள நான் சம்மதிக்கவில்லை.

ரீலைப் பார்த்து எங்களிடம் பேச வந்தவர்கள் 164 பேர். வாங்கியவர்கள் 19. விலைப் பட்டியலைப் பார்த்துப் பேச வந்தவர்கள் 58 பேர், வாங்கியவர்கள் 24. இந்த இடைவெளி ஏன் என்பதை உரையாடல்களே சொல்லிவிட்டன. ரீலில் நாங்கள் காட்டியது கையால் முடிச்சுப் போட்ட சேலை. கடையில் பெரும்பாலும் இருப்பது, சுங்குடிப் புள்ளிகளை அச்சாக இட்ட சேலை, சுமார் 1,150 ரூபாய். கைமுடிச்சு 2,800 ரூபாய், அதுவும் கடையில் நான்கைந்துதான் இருக்கும். வந்தவர்கள் கைமுடிச்சின் விலையைக் கேட்டார்கள், சொன்னதும் மௌனம். அச்சுச் சேலையைக் காட்டினால், "வீடியோவில் வேறு மாதிரி இருந்ததே?" என்றார்கள். நியாயமான கேள்வி. எங்களிடம் ஏராளமாக இருக்கும் பொருளுக்கு நாங்கள் ரீல் எடுக்கவில்லை, பார்க்க அழகாக இருந்த பொருளுக்கு எடுத்தோம். எந்த ஈடுபாட்டு விகிதத்தைப் புரட்டிப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

பிறகு பணம். ரீலால் போன 19 பார்சலில் 4 திரும்பி வந்துவிட்டன. வாங்கும்போது காசு கொடுக்கும் ஆர்டரில் இது வழக்கம். போனை எடுக்க மாட்டார்கள், கூரியர்காரர் இரண்டு முறை அலைந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். திரும்பும் ஒவ்வொரு பார்சலுக்கும் போகவர 160 ரூபாய் நமக்கு நஷ்டம். ஒரு சேலையில் எல்லாச் செலவும் போக அக்காவுக்கு நிற்பது சுமார் 280 ரூபாய். நின்ற 15 சேலைக்கு 4,200, திரும்பிய நான்குக்கு 640 கழித்தால் 3,560. ரீல் எடுக்க வந்த தம்பிக்குக் கொடுத்தது 6,000. ஆக 1,86,000 பேரைச் சென்றடைந்த ரீல் அந்த மூன்று வாரத்தில் 2,440 ரூபாய் நஷ்டம். 3,100 பேரைச் சென்றடைந்த, நானே கடை வாசலில் போனில் எடுத்த எட்டுப் படங்கள், ஒன்று திரும்பி வந்தது போக, 6,280 ரூபாய் கொண்டுவந்தன.

இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் சற்றே தலைநிமிர்ந்துதான் நின்றேன். பகட்டு எண்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வியாபாரத்தையே அளந்துவிட்டோம் அல்லவா? அக்கா பட்டியலை ஓட்டிப் பார்த்தார். விலைப் பதிவின் கீழே இருந்த 24 பெயர்களில் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"இவர்கள் திருநகர். இவர் பேங்க் மேனேஜரின் வீட்டுக்காரம்மா. இந்தப் பெண் போன தீபாவளிக்கு ஆறு வாங்கியது. தம்பி, இவர்கள் எல்லாம் நீ படம் போடாவிட்டாலும் புதுச் சரக்கு வந்ததா என்று கேட்டு வாங்குகிறவர்கள்."

24 பேரில் 17 பேர் பழைய வாடிக்கையாளர்கள். ரீலால் வாங்கிய 19 பேரில் ஒருவர்கூட முன்பு வாங்கியவரில்லை. விற்பனை என்ற எண்ணும் பகட்டாகலாம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எப்படியும் நடந்திருக்கக்கூடிய விற்பனையைப் பதிவின் கணக்கில் எழுதினால், அது பதிவின் சாதனையாகிவிடுகிறது. வாசலில் நிற்பவன், உள்ளே வந்தவர்களை எல்லாம் நான்தான் அழைத்து வந்தேன் என்று சொல்வதைப்போல.

இதைச் சோதிக்க ஒரே வழி, பதிவு போடாமல் இருந்து பார்ப்பது. அடுத்து வந்த இரண்டு சரக்கு லாட்டுகளில் ஒன்றை இன்ஸ்டாகிராமில் மட்டும் போட்டோம். மற்றதை அங்கே போடாமல், பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப் பிராட்காஸ்டில் மட்டும் அனுப்பினோம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். அந்தக் கட்டுப்பாடே எங்களுக்கு வசதியாகிவிட்டது, பழைய ஆட்களை அது தானாகவே சலித்துக் கொடுத்தது. பழைய வாடிக்கையாளர்கள் பிராட்காஸ்டிலும் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில், இன்னும் வேகமாக வாங்கினார்கள். இரண்டு லாட்டை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஒரு லாட்டில் மாம்பழ மஞ்சள் இருந்தால் அதுவே கணக்கை மாற்றிவிடும். ஆனாலும் விலைப் பதிவின் 6,280 ரூபாயில் பெரும்பகுதி இன்ஸ்டாகிராமுக்குச் சேர வேண்டியதல்ல என்பது வரைக்கும் தெளிவாகிவிட்டது.

இனிமேல் பின்னறையில் உட்கார்ந்து படிக்காமல் இருக்க, இணைப்புகளில் குறி வைத்தோம். இன்ஸ்டாகிராம் பதிவின் எழுத்தில் போடும் இணைப்பைத் தொட்டால் திறக்காது, பயோவில் உள்ளவைதான் திறக்கும். அங்கே ஐந்து இணைப்புகள் வரை வைக்கலாம். ரீல் பார்த்து வருபவர்களுக்கு ஒன்று, புதுச் சரக்குக்கு ஒன்று என்று பிரித்தோம்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=R1
https://wa.me/91XXXXXXXXXX?text=P1
```

தொட்டால் வாட்ஸாப் திறந்து, அனுப்ப வேண்டிய இடத்தில் `R1` அல்லது `P1` என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். பாதிப் பேர் அதை அழித்துவிட்டு "வணக்கம் மேடம்" என்று எழுதுகிறார்கள். அவர்களிடம் எதைப் பார்த்து வந்தார்கள் என்று பார்சல் கட்டும் பெண் கேட்டுவிட்டு, வாட்ஸாப் பிசினஸில் லேபிள் ஒட்டுகிறார். புதியவரா பழையவரா என்பதற்கும் ஒரு லேபிள். பணம் வந்த பிறகு ஒன்று, பார்சல் திரும்பினால் ஒன்று. ஒரு நாளைக்குப் பத்து நிமிட வேலை. அவருக்கு அதில் விருப்பமில்லை என்பதை மறைக்கவும் இல்லை.

பூஸ்ட் செய்த பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. காசு கொடுத்து வாங்கிய ரீச்சைத் தானாக வந்த ரீச்சோடு கலக்காதீர்கள். கலந்தால் எல்லா விகிதமும் கெடும். எங்கள் தாளில் அது தனி வரி, எத்தனை ரூபாய் கொடுத்து எத்தனை புது வாடிக்கையாளர் என்று மட்டும்.

இப்போது அறிக்கை ஒரே பக்கம். முதல் வரி புது வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், திரும்பிய பார்சல் கழித்து. இரண்டாவது வரி அவர்களால் நின்ற பணம், பதிவுகளுக்கான செலவு கழித்து. மூன்றாவது, எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களின் எண்ணிக்கை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ரீச்சும், பின்தொடர்வோருக்கும் பின்தொடராதோருக்கும் தனித்தனியான ரீச் விகிதமும். பத்துப் பதிவுகளின் சராசரியை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் போடுகிறேன், அதனால் ஒரு ரீல் மொத்த மாதத்தையும் இழுத்துக்கொண்டு போவதில்லை. இந்த விகிதங்கள் அக்காவுக்கு அல்ல, எனக்கு. அடுத்து எந்த மாதிரிப் படம் எடுக்கலாம் என்று முடிவு செய்ய அவை போதும். ஷேர் விகிதத்தை மட்டும் தனியாகப் பார்ப்பேன். பின்தொடராதவர்களிடம் பதிவைக் கொண்டுசேர்ப்பதில் அதற்குக் கூடுதல் பங்கு உண்டு என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். கைமுடிச்சு ரீலில் 1,450 ஷேர் இருந்தது.

அந்த ரீலைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நான்கு மாதம் கழித்து ஓர் அம்மா போன் செய்தார். மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுக்கப் பன்னிரண்டு சேலை, அத்தனையும் கைமுடிச்சாகவே வேண்டும், விலை தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அந்த வீடியோவை அன்றே சேவ் செய்து வைத்திருந்ததாகவும், அப்போதே விலை கேட்டதாகவும் சொன்னார். தேடினோம். 164 பேரில் அவரும் ஒருவர். விலையைச் சொன்னதும் மௌனமானவர்கள் கட்டத்தில் கோடாக இருந்தார்.

எங்கள் கணக்கு 21 நாளில் முடிந்துவிட்டது. இந்த ஆர்டரை அந்த மாதத்தில் எழுதுவதா, இந்த மாதத்தில் எழுதுவதா என்று நான் கேட்டேன். இந்த மாதம்தான் பணம் வந்தது, இந்த மாதத்தில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழைய அறிக்கைகளை எல்லாம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும் என்றும் நானே சொன்னேன். அக்கா நோட்டை வாங்கி, பழைய பக்கத்தைத் திருப்பி, ரீலின் வரிக்குப் பக்கத்தில் பேனாவால் "+12" என்று எழுதினார். பிறகு சாயக்காரருக்குப் போன் போட்டு, பன்னிரண்டு கைமுடிச்சுக்கு எத்தனை வாரம் ஆகும் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.